மாத்திரை சாப்பிட்டாரா, இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணக் குறிப்பில், ‘ஆல்வேஸ், ஆஃபன், ஹார்ட்லி எவர் போன்ற சொற்களை வினைச்சொல்லுக்கு முன்னால் போட வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் மார்த்தாண்டத்தில், வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிற பிள்ளைகளோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

தமிழில் வினை கடைசியில் வரும். ‘எப்போதும் பஸ் லேட்டாத்தான் வரும்’, ‘பஸ் எப்போதும் லேட்டாத்தான் வரும்’, எப்படிச் சொன்னாலும் ‘எப்போதும்’ வினைக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆகவே ‘முன்னால் போடு’ என்றால் நம் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றும் விளங்காது. ‘ஆல்வேஸ் தி பஸ் இஸ் லேட்’ என்று எழுதிவிட்டு, முன்னால்தானே போட்டேன் என்பார்கள். ஆங்கிலத்தில் அது ‘தி பஸ் இஸ் ஆல்வேஸ் லேட்’. இஸ் வந்தால் அதற்குப் பின்னால். ‘தி பஸ் ஆல்வேஸ் கம்ஸ் லேட்’ என்று கம்ஸ் வந்தால் அதற்கு முன்னால்.

இதற்கு வகுப்பில் நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. அந்த வாக்கியத்தை ‘இல்லை’ என்று மாற்றினால் ‘நாட்’ எங்கே போய் உட்காரும் என்று பாருங்கள். ‘தி பஸ் இஸ் நாட் லேட்’. அந்த நாற்காலியில் ஆல்வேஸை உட்கார வையுங்கள், சரியாக இருக்கும். ‘தி பஸ் டஸ் நாட் கம் லேட்’ என்பதில் நாட் போனதும் டஸ்ஸும் கூடவே போய்விடும், கம் பழையபடி கம்ஸ் ஆகிவிடும். அவ்வளவுதான்.

‘ஹார்ட்லி எவர்’ மட்டும் விளையாட்டுக் காரியம் இல்லை. போன மாதம் ஒரு பயிற்சிக் கடிதம் எழுதக் கொடுத்தேன். ரத்த அழுத்தத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை நோயாளி எப்போதாவது ஒரு நாள்தான் போடுகிறார் என்று குறிப்பில் இருந்தது. ஒரு பெண் இப்படி எழுதினாள்: ‘ஹி ஹார்ட்லி எவர் டஸ் நாட் டேக் ஹிஸ் டேப்லெட்ஸ்.’

நான் ‘டஸ் நாட்’டை அடித்ததும், “டீச்சர், ‘அவர் மாத்திரையே போடுறதில்லை’ன்னுதானே சொல்லுவோம்? அந்த ‘இல்லை’ எங்க போச்சு?” என்று கேட்டாள்.

“மக்ளே, அது ஹார்ட்லிக்கு உள்ளேயே இருக்கு” என்றேன்.

நியாயமான கேள்விதான். ஹார்ட்லி எவர் என்றாலே ‘அநேகமாக இல்லவே இல்லை’ என்று பொருள். அதோடு நாட்டும் சேர்ந்தால் இரண்டு இல்லைகளும் மோதி, ‘அவர் மாத்திரை போடாமல் இருப்பதே அபூர்வம்’ என்று ஆகிவிடும். கடிதத்தை வாசிக்கிற டாக்டர், ஒழுங்காக மாத்திரை போட்டும் அழுத்தம் குறையவில்லையே என்று நினைத்து அளவைக் கூட்டிவிடலாம். சரியான வாக்கியம், ‘ஹி ஹார்ட்லி எவர் டேக்ஸ் ஹிஸ் டேப்லெட்ஸ்.’ சந்தேகம் வந்தால் ஹார்ட்லி எவருக்குப் பதிலாக நெவர் போட்டு வாசித்துப் பார்க்கச் சொல்வேன். ‘நெவர் டஸ் நாட் டேக்’ என்று வந்தால் அவர்களுக்கே உறுத்தும்.

‘ஆல்ரெடி’ இன்னொரு கதை. ‘ஏற்கெனவே ரெண்டு மாத்திரை கொடுத்தாச்சு’ என்று தமிழில் முதலில் வருவதால், ‘ஆல்ரெடி டூ டேப்லெட்ஸ் ஆர் கிவன்’ என்று தொடங்குகிறார்கள். இங்கேயும் அதே நாற்காலிதான்: ‘டூ டேப்லெட்ஸ் ஹேவ் நாட் பீன் கிவன்’, ஆக ‘டூ டேப்லெட்ஸ் ஹேவ் ஆல்ரெடி பீன் கிவன்’. துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதற்குப் பின்னால் என்பது தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஆல்ரெடி கடைசியிலும் நிற்கும். ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?’ என்று கேட்டால் அதில் நம்முடைய ‘அதுக்குள்ள முடிச்சிட்டியா?’ என்கிற ஆச்சரியம் தூக்கலாகக் கேட்கும். ஆல்வேஸை அப்படித் தள்ளிவைத்தால் பெரும்பாலும் ஒட்டாது.

என் நாற்காலிக் கணக்கும் ஓர் இடத்தில் தோற்கும், அதை மறைக்கக்கூடாது. ‘இஸ் ஹி ஆல்வேஸ் லேட்?’ என்று கேட்டால் பதில் ‘யெஸ், ஹி ஆல்வேஸ் இஸ்.’ வாக்கியம் இஸ்ஸோடு முடிந்துவிட்டால் ஆல்வேஸ் அதற்கு முன்னால் ஏறிக்கொள்ளும்.

அடுத்த முறை இந்தக் குறிப்பைப் போடும்போது, இஸ், ஆர், வாஸ், ஹேவ் வரும் வாக்கியங்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். ஹார்ட்லி எவரோடு நாட் சேராது என்பதைக் கட்டம் கட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்