முன் அறைக் கழிவறை பற்றி

வெள்ளவத்தை

அன்பின் சிவா,

மாமி முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு தடி பிடித்து நடக்கிறார். அவருக்காக முன் அறையில் வைத்த கழிவறை பற்றிக் கேட்டிருந்தாய். உன் அம்மாவுக்கும் அது தேவைப்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மலக்குழாய் பின்வளவில், முன் அறையிலிருந்து 14 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. வழமையான 4 அங்குலக் குழாயை 40க்கு 1 சரிவில் கொண்டுபோனால் முடிவில் 35 சென்ரிமீற்றர் தாழ வேண்டும். அதற்கு ஹோலையும் குசினியையும் உடைக்க வேண்டும். அதனால்தான் கொமட்டின் பின்னால் அரைக்கும் பம்ப் பெட்டியை வைத்தோம். ஃபிளஷ் பண்ணியதும் பெட்டிக்குள் நீர் ஏறி சுவிட்சை அழுத்தும். மோட்டர் கத்தியைச் சுழற்றி எல்லாவற்றையும் கூழாக்கி, 32 மில்லிமீற்றர் குழாயில் தள்ளும். கொமட் மட்டும் நிலத்துக்குள் இறங்காமல் பின்பக்கமாக வெளியேற்றும் வகையாக இருக்க வேண்டும்.

குழாய் பெட்டியை விட்டதும் முதலில் நேராக மேலே ஏற வேண்டும். படுக்கையாகக் கொஞ்சம் ஓடிவிட்டுப் பிறகு ஏறக்கூடாது. எங்களுடையது 2.5 மீட்டர் ஏறி, சீலிங்குக்கு மேலால் 100க்கு 1 சரிவில் பின்னுக்குப் போகிறது. ஒரு மீட்டர் ஏற்றத்தைப் படுக்கைக் குழாயின் 10 மீட்டராகக் கணக்கிடு. 25உம் 14உம் சேர்த்து 39 மீட்டர். அதைத் தாங்கும் பம்ப்பா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். பின்வளவில் குழாய் மறுபடி கீழே இறங்குவதால், உச்சியில் காற்று வால்வு ஒன்று போட்டோம். அது இல்லாவிட்டால் இறங்கும் நீர் பெட்டியையே உறிஞ்சிவிடும்.

ஆனால் நீ உண்மையில் யோசிக்க வேண்டியது தரைத் தண்ணீரைத்தான். நாங்கள் பாத்ரூமைக் கழுவி ஊற்றுகிற ஆட்கள். பெட்டியின் தண்ணீர் வாய் நிலத்துக்குச் சற்று மேலே இருப்பதால், தரைத் தண்ணீர் தானாக அதற்குள் போகாது. குளிக்கவும் வேண்டுமென்றால் அந்த இடத்தை ஒரு படி உயர்த்த வேண்டும். முழங்கால் நோகிறவருக்குப் படியா? அங்கே கொமட்டும் பேசினும் மட்டும் போதும் என்று முடிவெடுத்தோம். தரையைத் துடைத்தெடுக்கிறோம், மாமி குளிப்பது பின்னால்தான்.

ஈரத் துடைப்பான், பஞ்சு, தலைமயிர் எதுவும் உள்ளே போகக்கூடாது. மோட்டர் சுற்றாமல் உறுமினால் கத்தியில் ஏதோ சிக்கியிருக்கிறது. யாரும் பாவிக்காத நேரத்தில் தானாக ஓடினால், சிஸ்டர்ன் கசிகிறது அல்லது குழாய் நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பழுது. மூடியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடு. கரண்ட் இல்லாத நேரம் ஃபிளஷ் பண்ணவே கூடாது, அதனால் பழைய கழிவறையையும் அப்படியே வைத்திரு.

உன் வீட்டு அறை மூலையிலிருந்து மலக்குழாய் வரையான தூரத்தையும் சீலிங் உயரத்தையும் அளந்து எழுது. எந்தப் பம்ப் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரவி