கடல் தாண்டிப் போன மோர் மிளகாய்: ஒரு நன்றி மடல்

வடக்குத் தெரு அத்தைமார்களுக்கும், கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லை எடுத்துக் கொடுத்த பாபநாசம் சித்தப்பாவுக்கும், நாச்சியார்கோவில் பட்டறை அண்ணனுக்கும், எங்கள் பெட்டியைச் சென்னையில் கப்பல் ஏற்றிவிட்ட ஏஜெண்ட் தம்பிக்கும் வணக்கம்.

டொரன்டோவுக்குப் பக்கத்தில் ஸ்கார்பரோவில் என் தம்பி நடத்தும் மளிகைக் கடையின் வாசலருகே நம் ஊர் அடுப்படி ஒன்று எழும்பிவிட்டது. போட்டோவை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அதில் தெரிவது மேடையும், பித்தளைப் பாத்திரங்களும், அஞ்சறைப்பெட்டியும், சரம் கட்டித் தொங்கும் வற்றல் பாக்கெட்டுகளும்தான். அதற்குப் பின்னால் யார் யார் கை இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஆட்டுக்கல். கிரைண்டர் வந்த பிறகு நம் பக்கத்தில் பாதி வீடுகளில் அது துணி துவைக்கிற இடத்தில்தான் கிடக்கிறது. கல்லுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒட்டியிருந்த மண்ணுக்குத்தான் பயந்தோம். கனடாவுக்குள் வெளிநாட்டு மண் போகக்கூடாது. காய்ந்த சேறு ஒரு விரல் அளவு இருந்தாலும் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். மேலத் தெருப் பையன்கள் குழவிக் குழிக்குள் தேங்காய் நாரும் கம்பி பிரஷும் விட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் தேய்த்தார்கள். மரச்சட்டம் அடித்த ஆசாரியும் சாதாரணப் பலகையில் அடிக்கவில்லை. பூச்சி போவதற்காக 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து முத்திரை குத்திய பலகையைத் தேடி வாங்கி வந்தார். அந்த முத்திரை இல்லாத மரச்சட்டத்தைத் துறைமுகத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

சரி, இப்போது மோர் மிளகாய்க்கு வருகிறேன். இந்த மடலில் பாதி அதற்குத்தான்.

வீட்டுக்குப் போடுவதும் கப்பலுக்குப் போடுவதும் ஒன்றில்லை என்று வடக்குத் தெருப் பெரிய அத்தை முதல் நாளே சொன்னார். ஒரு கிலோ மிளகாய்க்கு அரை லிட்டர் புளித்த கெட்டித் தயிர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. காம்பை விட்டுவிட்டு வாலில் கீறி, இரவு முழுக்க ஊறவிட்டு, பகலில் பாயில் பரப்பி, சாயங்காலம் மறுபடியும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க உள்ளே இழுத்த பிறகு வெறும் வெயில்தான். வீட்டுக்கென்றால் இந்த வெயிலை நாலு நாளில் நிறுத்திவிடுவோம். தோல் மொறமொறவென்று இருந்தாலும் காம்பை ஒட்டிய சதையில் ஈரம் நின்றிருக்கும், அது வாணலியில் போய்விடும். மூடிய பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும்போது அதே ஈரத்தில்தான் பூஞ்சை தொடங்கும். அதனால் அத்தை ஒவ்வொரு பாயிலிருந்தும் தடித்த மிளகாயாகப் பத்துப் பொறுக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். விதை கலகலவென்று சத்தம் போட்டால் சரி. சத்தமில்லாமல் விதை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாய் மொத்தமும் திரும்ப மாடிக்குப் போகும். அப்புறம் காம்படியில் ஒடித்துப் பார்ப்பார். படக்கென்று உடைய வேண்டும், வளையக்கூடாது.

இந்தச் சோதனையில் தேறிய மிளகாயையும் உடனே பாக்கெட்டில் அடைக்க அத்தை விடவில்லை. வெயில் சூட்டோடு சீல் வைத்தால் உள்ளேயே வேர்க்கும். மூடிய டிரம்மில் போட்டு நிழலில் ஆறவிட்டு, மறுநாள் உச்சி வெயில் நேரத்தில்தான் பாக்கெட் போட்டோம். காலைப் பனியும் ஆற்றங்கரை ஈரக்காற்றும் படக்கூடாது என்பதற்காக நான்கு மணிக்கு மேல் ஒரு பாயும் மாடியில் இருந்ததில்லை. காக்கா விரட்டிய பிள்ளைகளுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு செய்தாலும் கப்பலில் வேறொரு ஈரம் இருக்கிறது. அதை எங்களுக்குப் புரியவைத்தவர் ஏஜெண்ட் தம்பி. கன்டெய்னர் வெப்பக் கடலில் போகும்போது அரிசி மூட்டையும் அட்டைப் பெட்டியும் தமக்குள் வைத்திருக்கும் ஈரத்தை ஆவியாக விடும். குளிர் பக்கம் போனதும் கூரைத் தகடு சில்லிட்டு, அந்த ஆவி நீராகித் தகட்டிலிருந்து சொட்டும். வெளியே மழையே இல்லாமல் உள்ளே மழை பெய்யும் என்றார். அதற்காகக் கால்சியம் குளோரைடு பைகளைப் பக்கச்சுவரில் தொங்கவிட்டார், மேலடுக்குக்கு மேல் தடித்த அட்டை விரித்தார், வற்றல் பெட்டிகளை நடுவில் வைத்துச் சுவரைத் தொடாமல் இடம் விட்டார். பை வாங்கிய செலவை நாங்கள் கேட்கும் வரை அவர் சொல்லவே இல்லை.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று ஸ்கார்பரோவில் இருக்கும் என் தம்பியிடமிருந்து பதற்றமாக ஒரு போன். மோர் மிளகாயில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் போடவா என்று கேட்டான். அத்தை போனை வாங்கி, முதலில் முகர்ந்து பாரு தம்பி, மக்கின வாசனை வருதா என்றார். இல்லை என்றான். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாரு, பஞ்சு மாதிரி முடி முடியா நிக்குதா, பொடிப்பொடியா மினுங்குதா? மினுங்குகிறது என்றான். ஒரு சொட்டுத் தண்ணி விடு. விட்டான், கரைந்துபோனது. மோரில் இருந்த உப்புதான் காய்ந்து மேலே பூத்திருந்தது. பச்சையாகவோ சாம்பலாகவோ முடி பிடித்திருந்தால் துடைத்து எடுத்துக் காப்பாற்றவே பார்க்காதே, கொட்டிவிடு என்றும் சொல்லிவைத்தார். அந்த ஒரு போனில் எங்கள் சரக்கு பிழைத்தது.

லேபிள் விஷயத்தில் கை கொடுத்தது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். கனடாவில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் அச்சடிக்க வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்களையும் தனியாகச் சொல்ல வேண்டும். மோர் மிளகாயில் பால் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். அரிசி வடாத்தில் கோதுமை இருக்கிறது என்று அவள் சொன்னபோதுதான் நாங்கள் விழித்தோம். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவைக் கலந்திருப்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். கோதுமை ஆகாதவர்கள் அரிசிதானே என்று நம்பிச் சாப்பிடுவது இதைத்தான். லேபிளில் கோதுமையைச் சேர்த்தோம். அடுத்த தடவை அரிசி மாவு கலந்த பெருங்காயம் போட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு இருக்கிறது.

நாச்சியார்கோவில் விளக்கைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கடைக்கு வருகிறவர்கள் முதலில் தொடுவது அதைத்தான். ஈயச்சொம்பு மட்டும் விற்பனைக்கில்லை. தெரியாதவர்கள் தண்ணீரில்லாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும்.

தம்பிக்கு எனக்குத் தெரியாத ஒரு கணக்குத் தெரிந்திருக்கிறது. அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்த சுண்டைக்காய் வற்றலை அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கண்டுகொள்வதில்லையாம். அதையே கல்சட்டிக்குப் பக்கத்தில், புளிக்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவில் வைத்தால், இதை வைத்து என்ன செய்வது என்று நின்று கேட்கிறார்களாம். பதில் சொல்ல அங்கே ஒரு பாட்டி தினமும் சாயங்காலம் வந்து உட்கார்கிறார், சம்பளம் கேட்காமல். அவருக்கும் நன்றி.

கணக்கில் யாருக்காவது பாக்கி நின்றிருந்தால் பங்குனிக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள். சித்திரை பிறந்ததும் மறுபடி பாய் விரிக்க வேண்டும். தயிர் இந்தத் தடவை என் செலவு.