ரூபாயின் குறியீட்டெண்ணை வரையும் வணிகப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டாலருக்கு எதிராக ரூபாய் 4% இறங்கினால் "ரூபாய் 4% வீழ்ச்சி" என்று தலைப்பிடுகிறீர்கள். நாம் வணிகம் செய்வது டாலர் நாட்டோடு மட்டுமல்லவே. அதனால்தான் ரிசர்வ் வங்கி 40 நாணயங்களைச் சேர்த்து, 2015-16ஐ 100 எனக் கொண்டு ஒரு குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. ஒவ்வொரு நாணயத்துக்கும் எடை உண்டு. அந்த நாட்டோடு நமக்குள்ள வணிகப் பங்கிலிருந்து அது வருகிறது.

கணக்கைச் சிறிதாக்கிப் பார்ப்போம். மூன்று பங்காளிகள், எடைகள் 0.5, 0.3, 0.2. முதல் நாணயத்துக்கு எதிராக ரூபாய் 4% இறங்கியது, இரண்டாவதற்கு எதிராக 5% ஏறியது, மூன்றாவதில் மாற்றமில்லை. ஒவ்வொரு விகிதத்தையும் அதன் எடைக்கு அடுக்கேற்றி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்:

```
100 × 0.96^0.5 × 1.05^0.3 × 1.00^0.2 = 99.42
```

மொத்த இறக்கம் 0.6 சதவீதத்துக்கும் குறைவு. இங்கே ஒரு கவனம் தேவை: "ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய்" என்ற விலையை அப்படியே போட்டால் ரூபாய் இறங்கும்போது எண் ஏறும். முதலில் அதைத் தலைகீழாக்கி, "ஒரு ரூபாய்க்கு எவ்வளவு டாலர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன கெட்டுவிடும்? சம எடையுள்ள இரண்டு நாணயங்கள். ஒன்றுக்கு எதிராக ரூபாய் இரு மடங்கு, மற்றதற்கு எதிராகப் பாதி. கூட்டுச் சராசரி (2 + 0.5) ÷ 2 = 1.25, அதாவது ரூபாய் 25% ஏறியது. விகிதங்களைத் தலைகீழாக்கி அந்த நாணயங்களின் பக்கமிருந்து கணக்கிட்டாலும் அதே 1.25 வரும். ரூபாயும் ஏறியது, எதிரிலிருப்பவையும் ஏறின என்பது நடக்கவே முடியாதது. பெருக்குச் சராசரியில் இரு பக்கமும் 1 தான்.

எங்களுக்குப் பெரிய கவலை தருவது எடை மாற்றும் நாள். அடிப்படை ஆண்டிலிருந்து ஒரு நாணயத்தோடு விகிதம் 0.80, இன்னொன்றோடு 1.10 என்று வையுங்கள். எடைகள் 0.6, 0.4 என்றால் குறியீட்டெண் 90.87. மறுநாள் எடைகளை 0.5, 0.5 ஆக்கி அடிப்படையிலிருந்து மறுபடி கணக்கிட்டால் 93.81. சந்தையில் ஒரு பைசாகூட அசையவில்லை. வரைபடத்தில் மட்டும் ரூபாய் 3 புள்ளி ஏறி நிற்கும். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் விரிவான டாலர் குறியீட்டெண் இதைச் சங்கிலியாகக் கோத்துத் தவிர்க்கிறது. முந்தைய நாளின் அளவை அப்படியே வைத்து, அன்றைய மாற்றத்துக்கு மட்டும் புது எடையைப் போட்டுப் பெருக்குகிறார்கள். வரைபடத்தில் ஜனவரி முதல் வாரம் போன்ற எடை மாற்றும் தேதியில் திடீர்ப் படி தெரிந்தால், அன்றைய நாணய விலைகளைத் தனித்தனியே பாருங்கள். எதுவும் நகராதிருந்தால் அந்தப் படி உங்கள் கணக்கில் உண்டானது.

DXY எனப்படும் டாலர் குறியீட்டையும் தயவுசெய்து "வணிக எடையிட்டது" என்று எழுதாதீர்கள். அதுவும் பெருக்குச் சராசரிதான். ஆனால் அதிலுள்ளவை ஆறே நாணயங்கள், யூரோவுக்கு மட்டும் 57.6%. அமெரிக்காவின் பெரிய வணிகப் பங்காளிகளான சீனாவுக்கும் மெக்சிகோவுக்கும் அதில் இடமே இல்லை.

இப்படிக்கு,
செலாவணித் தரவுகளோடு நாள்தோறும் வேலை செய்வோர்