தரவுக் கசிவு அறிவித்தலில் இணைப்பு வைக்காதீர்கள்

திருகோணமலையில் வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகளைப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடமுள்ள தரவுகள் என்றாவது கசிந்தால், அதை வாடிக்கையாளருக்கு அறிவிக்கும் மடலில் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பை வைக்க வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் அம்மா ஒருவருக்கு, அறைகள் நிரம்பியிருந்த ஜூலை மாதத்தில், அறைப் பதிவுத் தளமொன்றின் பெயரில் மடல் வந்தது. அவருடைய கணக்கு விவரங்கள் கசிந்துவிட்டன என்றும், 24 மணி நேரத்துக்குள் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றும் அதில் இருந்தது. கைத்தொலைபேசியில் அனுப்பியவரின் பெயர் மட்டுமே தெரிந்தது. அந்தப் பெயரை எவரும் விரும்பியபடி இட்டுக்கொள்ளலாம். இணைப்பின் முகவரி, பெயர்களை மாற்றிச் சொன்னால், இப்படி இருந்தது:

`niruvanam.lk.alert-login.example/reset`

முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் `alert-login.example` என்பதே தளம் யாருடையது என்பதைக் காட்டும். முன்னால் உள்ள நிறுவனப் பெயர் வெறும் ஒட்டு.

அந்தப் பக்கம் பழைய கடவுச்சொல்லையும் புதியதையும் கேட்டது. பிறகு கைத்தொலைபேசிக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தையும் கேட்டது. அவர் இட்டதெல்லாம் அக்கணமே உண்மைத் தளத்துக்குக் கடத்தப்பட்டதால், வந்த ஓ.டி.பி. உண்மையானதாகவே இருந்தது. வேண்டுமென்றே பிழையான கடவுச்சொல்லை இட்டால் போலிப் பக்கம் அகப்பட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இத்தகைய பக்கமோ உண்மைத் தளத்திடம் கேட்டே பதில் சொல்வதால் அந்தச் சோதனை பயன்படாது. ஓர் அடையாளம் மட்டும் அங்கே இருந்தது: உலாவி வழக்கமாகத் தானே நிரப்பும் கடவுச்சொல்லை அன்று நிரப்பவில்லை, ஏனென்றால் முகவரி பொருந்தவில்லை. அவர் அதைக் கையால் தட்டச்சு செய்தார்.

அன்று மாலையே அவருடைய விருந்தினர்களுக்கு, அட்டை மூலம் மீண்டும் பணம் செலுத்தும்படி, தளத்தின் சொந்தச் செய்திப் பெட்டியிலிருந்தே செய்திகள் போயின. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் திருடர் உள்ளேயே இருந்தார். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, கணக்கில் புதிதாகச் சேர்ந்திருந்த தொலைபேசி இலக்கத்தையும் நீக்கிய பிறகே அது நின்றது.

அவர் ஏன் நம்பினார் என்று கேட்டேன். சில மாதங்களுக்கு முன் வேறொரு நிறுவனம் அனுப்பிய உண்மையான அறிவித்தலிலும் இதே போன்ற சின்னமும் இணைப்பும் கெடுவும் இருந்தனவாம். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். நீங்கள் நல்ல நோக்கத்தோடு அனுப்பும் மடலே போலி மடலுக்கு மாதிரியாகிவிடுகிறது.

ஆகவே, கடவுச்சொற்கள் கசிந்திருந்தால் பழையவற்றை நீங்களே செல்லாததாக்கி, எல்லோரையும் கணக்கிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். அடுத்த முறை உள்நுழையும்போது மாற்றியே ஆக வேண்டியிருக்கும். மடலில், "எங்கள் செயலியைத் திறந்து, அல்லது முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்நுழையுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். அதே அறிவித்தலை உங்கள் தளத்தின் முகப்பிலும் இடுங்கள். மடலைப் பெற்றவர் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உங்கள் பெயரில் போலி மடல் வந்ததாக ஒருவர் சொன்னால், அதை அழிக்கச் சொல்லாமல் முழுமையாகப் பெற்று, நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்புக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கணினி பராமரிப்பாளர் ஒருவர்,
திருகோணமலை