சகோதரிகளை ஏன் பின்னால் தள்ளினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மேடைப்பேச்சுப் பயிற்சிப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு வரி வந்திருந்தது. விவேகானந்தர் சிகாகோவில் 'சகோதர சகோதரிகளே' என்று தொடங்கினாராம். விளிப்பு எதுவாக இருந்தாலும் குரலில்தான் எல்லாம் இருக்கிறதாம். ஊர்க் கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுவதும், பேச வருகிறவர்களுக்கு முதல் வரி எழுதிக் கொடுப்பதுமாகக் காலம் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வரி மனவருத்தத்தைத் தந்தது. பொறுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1893 செப்டம்பர் 11 அன்று அவர் சொன்னது 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்பது. இது தாங்கள் அறியாத செய்தி அல்ல. அதே ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்த அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இந்த விளிப்பைச் சொல்லி, அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் கைதட்டல் காதை அடைத்தது என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்துக்காகச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் அளசிங்கர். கடிதம் வந்து சேர்ந்ததே நம் ஊருக்குத்தான். அதை நாமே தலைகீழாக அச்சிட்டால் எப்படி?

மூன்று சொல்தானே என்று நினைக்கலாம். அந்த மூன்றிலும் ஒவ்வொரு தேர்வு இருக்கிறது. அந்த நாட்டு வழக்கப்படி சீமாட்டிகளே, சீமான்களே என்றுதான் மேடையில் அழைப்பார்கள். பெண்களை முன்னால் வைக்கும் அந்த வரிசையை அவர் கலைக்கவில்லை. சீமாட்டி இருந்த இடத்தில் சகோதரியையும் சீமான் இருந்த இடத்தில் சகோதரனையும் வைத்தார். எதிரே இருப்பவர்கள் காதுக்குப் பழகிய வரிசை அப்படியே நிற்க, உறவு மட்டும் மாறியது. மூன்றாவது, அவர்களுடைய நாட்டின் பெயரைச் சொன்னார். பொத்தாம்பொதுவாக உலகத்தாரை அழைக்கவில்லை. தங்கள் இதழ் நாட்டை விட்டுவிட்டது, வரிசையையும் மாற்றிவிட்டது. மிஞ்சியது உறவுச்சொல் ஒன்றுதான்.

இந்தப் பிழை ஏன் எல்லார் வாயிலும் வருகிறது என்பதற்கு மொழியிலேயே காரணம் இருக்கிறது. 'சகோதர சகோதரிகளே' ஒரே மூச்சில் உருண்டு வரும். ஆனால் அதில் விளிக்கும் 'ஏ' கடைசிச் சொல்லில் மட்டும்தான் இருக்கிறது. ஆண்களுக்குத் தனி அழைப்பே இல்லை. 'சகோதர' என்பது பாதியில் நின்றுபோன சொல். 'சகோதரிகளே, சகோதரர்களே' என்று பிரித்துச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அழைப்பு, நடுவில் ஒரு நிறுத்தம், பேசுகிறவருக்கு ஒரு மூச்சு. பயிற்சிப் பக்கம் சொல்லித்தர வேண்டியது இதைத்தானே?

குரலில்தான் எல்லாம் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மைதானத்துக் கூட்டத்தில் முதல் வரி பேசுகிறவர் கையில் இல்லை, மைக்செட்காரர் கையில் இருக்கிறது. ஒவ்வொருவர் குரலுக்கும் ஏற்ப அவர் ஒலியைக் கூட்டிக் குறைப்பது அந்த முதல் வரியின்போதுதான். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் கட்டிய குழாயின் ஓசை மேடைக்கு வந்து சேர அரை நொடி ஆகும். பழகாதவர் தன் குரலே பின்னால் வந்து முட்டுவதைக் கேட்டுத் தடுமாறுவார். ஆகவே முதல் வரியில் இழக்கக்கூடாத செய்தி எதுவும் இருக்கக்கூடாது. நீட்டிச் சொல்லக்கூடிய ஓசையில் அது முடிய வேண்டும். '-களே' என்று வாய் திறந்து முடிகிற சொல்லை இழுக்கலாம், கடைசி வரிசை வரை போகும். 'வணக்கம்' உதடு மூடி முடிகிறது; கடைசி எழுத்து மேடை ஓரத்திலேயே அமுங்கிவிடும். அதனால் முதலில் '-களே', ஒரு நொடி நிறுத்தம், பிறகு வணக்கம் என்பதுதான் திறந்தவெளிக்கு ஏற்ற வரிசை. மண்டபத்துக்குள் எப்படிச் சொன்னாலும் கேட்கும்.

இனி என் பழைய குறை. நான்கு மாதங்களுக்கு முன் ஊர்ப் பொங்கல் விழாவுக்கு என்று ஒரு மாதிரி உரை வெளியிட்டீர்கள். அதைப் பற்றி அப்போதே எழுதினேன், வெளிவரவில்லை. அந்த உரையின் முதல் பத்தியில் மேடையிலிருக்கும் பதினான்கு பேரின் பெயர், பதவி, 'மதிப்பிற்குரிய', 'திரு', 'அவர்களே' அனைத்தும் வரிசையாக நிற்கின்றன. 'திரு' போட்டால் 'ஐயா' வேண்டாம் என்றுகூட யாரும் திருத்தவில்லை. 'முன்னாள் ஊராட்சித் தலைவர், மதிப்பிற்குரிய ஐயா திரு இன்னார் அவர்களே' என்று நிதானமாகச் சொல்ல ஏழு நொடி ஆகும். பதினான்கு பேருக்கு 98 நொடி. அதே விழாவில் ஒன்பது பேர் பேசுகிறார்கள், ஒன்பது பேரும் தங்கள் இதழைப் பார்த்துத் தயாரித்து வந்தால் பெயர் வாசிப்புக்கு மட்டும் ஏறக்குறைய கால் மணி நேரம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அந்தக் கால் மணி யாரிடமிருந்து பிடுங்கப்படும்? கடைசியில் பேச வேண்டிய பள்ளிக்கூடப் பிள்ளையிடமிருந்து. நன்றியுரை சொல்கிறவரிடமிருந்து. சாமியானா போட்டவர், சோறு ஆக்கியவர் பெயரெல்லாம் அந்த நன்றியுரையில்தான் வர வேண்டும்.

நேரம் போவது ஒரு நட்டம் என்றால் பட்டியல் உடைவது இன்னொன்று. அழைப்பிதழைப் பார்த்துப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அதில் இரண்டு பேர் வந்திருக்கமாட்டார்கள், அழைப்பிதழில் இல்லாத ஒருவர் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேச்சாளர் வராதவரை விளிப்பார், வந்தவரை விட்டுவிடுவார். மூன்றாவது நிமிடம் ஒரு துண்டுச்சீட்டு வரும், சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அந்தப் பெயரைச் சேர்ப்பார். கூட்டத்தின் கவனம் அந்த இடத்தில் அறுந்தால் ஒட்ட வைக்க முடியாது. விடுபட்டவருக்கும் மனம் ஆறாது, சீட்டு பார்த்துச் சொன்னது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே.

இதற்கு வழி எளிது. பெயர்களை வரவேற்புரை சொல்கிறவர் ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழை மடித்து வைத்துவிட்டு, மேடையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று இடக்கோடியிலிருந்து எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து வருகிற ஒவ்வொருவரும் 'தலைவர் அவர்களே' என்று ஒருவரை மட்டும் விளித்து, 'மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே' என்று மற்றவர்களைச் சேர்த்துவிட்டு, நேரே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பலாம். பத்து நொடி போதும். பெயரைச் சொல்லத் தொடங்கினால் யாரையும் விடக்கூடாது. சொல்லாவிட்டால் யாரையுமே சொல்லக்கூடாது. நடுவழி கிடையாது.

கூட்டத்தை எப்படி அழைப்பது என்பதில்தான் தங்கள் மாதிரி உரை என்னை மிகவும் வருத்தியது. பொங்கல் விழாவில் 'பக்தகோடிகளே' என்று போட்டிருந்தீர்கள். கோயில் கொடைக்கு அது பொருத்தமான சொல், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர்ப் பொங்கலில் பள்ளிவாசல் தெருக்காரர்களும் தேவாலயத் தெருக்காரர்களும் பாதி நாற்காலிகளில் இருப்பார்கள். அவர்களை வரச்சொல்லிவிட்டு முதல் சொல்லிலேயே வெளியே நிறுத்துவது எந்த ஊர் வழக்கம்? அங்கே 'நம் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, பிள்ளைகளே' என்று வாழும் இடத்தை வைத்து அழைப்பதுதான் எல்லாரையும் தொடும். 'தாய்மார்களே' என்று நிறுத்திவிட்டாலும் கல்லூரிக்குப் போகிற பெண் தன்னை அதில் சேர்த்துக்கொள்ளமாட்டாள். 'இளைஞர்களே' என்று சொல்லும்போது பார்வை ஆண்கள் பக்கம் மட்டும் போகாமல் இருந்தால் அவளும் உள்ளே வருவாள்.

நம் மேடைகள் இதற்கெல்லாம் விடை கண்டவை. பெரியார் 1932-இல் ஐரோப்பியப் பயணம் முடித்து வந்ததும் ஸ்ரீமான், திருவாளர் போன்ற அடைகளை விட்டுத் 'தோழர்' என்றே எல்லாரையும் அழைக்கச் சொன்னார். பட்டத்தில் உயர்வு தாழ்வு இருக்கிறது, 'தோழர்' என்றால் ஆண் பெண் இருவருக்கும் ஒரே சொல். கலைஞரின் 'உடன்பிறப்புகளே' என்பதும் அப்படித்தான். முதலில் யார், பிறகு யார் என்ற வரிசைச் சிக்கலே அந்தச் சொல்லில் எழாது. ஆனால் இவை இரண்டும் இன்று கட்சி அடையாளம் பெற்றவை. நூலக ஆண்டு விழாவில் பேசுகிறவர் அவற்றை எடுத்தால் அடுத்த வரியை யாரும் கேட்கமாட்டார்கள், எந்தக் கட்சி என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். அங்கே 'நண்பர்களே' போதும்.

இரங்கல் கூட்டத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், தங்கள் பக்கம் அதைத் தொட்டதே இல்லை. அங்கே விளிப்பை நீட்டக்கூடாது, பட்டியல் அறவே கூடாது. இறந்தவரின் வீட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேடை ஏறும் முன் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்து, தாழ்ந்த குரலில் 'அன்பர்களே' என்று ஒரு சொல். கைதட்டல் வாங்கிப் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் அங்கேயும் முழங்கிவிடுவார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது நாலு பேர் கைதட்டிவிட்டால் அந்தக் குடும்பம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்.

தங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அதே மாதிரி உரையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், பதினான்கு பெயர் உள்ள முதல் பத்தியை எடுத்துவிட்டு, 'பக்தகோடிகளே' இருக்கும் இடத்தில் 'நம் ஊர்ப் பெரியோர்களே' என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை மாவட்டம்.