'ஏழு மணிக்கே' வேறு, 'ஏழு மணிக்குத்தான்' வேறு: பயிற்சி நூல் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தமிழ்ப் பயிற்சி நூல்களைத் தயாரித்துச் சிங்கப்பூரில் விற்பனை செய்யும் மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும், அவற்றின் விடைப்பகுதியைச் சரிபார்க்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

வீட்டில் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தொடக்கநிலை ஐந்துக்கு என்று வெளியிடப்பட்ட பயிற்சி நூல் ஒன்றில், 'ஏ', 'தான்' ஆகிய இடைச்சொற்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கோடிட்ட சொல்லோடு இவற்றுள் ஒன்றைச் சேர்த்து அழுத்தம் தருமாறு மாணவர்களைக் கேட்கிறது அந்தப் பக்கம். நூலின் பின்னால் உள்ள விடைப்பகுதியோ, 'இரண்டில் எதைச் சேர்த்தாலும் சரியே, பொருள் மாறாது' என்கிறது. என் கோரிக்கை ஒன்றே: அந்த விடைப்பகுதியைத் திருத்துங்கள்.

'மாலா ஏழு மணிக்கு வந்தாள்' என்பது நீங்கள் கொடுத்த வாக்கியம். 'மாலா ஏழு மணிக்கே வந்தாள்' என்றால், எதிர்பார்த்ததற்கு முன்னரே வந்துவிட்டாள் என்று பொருள். 'மாலா ஏழு மணிக்குத்தான் வந்தாள்' என்றால், அதற்கு முன்பே வந்திருக்க வேண்டியவள் தாமதமாக வந்தாள் என்று பொருள். கடிகாரத்தில் மணி ஒன்றுதான். ஆனால் ஒரு வாக்கியம் அவளைப் பாராட்டுகிறது, மற்றொன்று அவளைக் குறை சொல்கிறது. 'எட்டு மணிக்கா வந்தாள்?' என்று ஒருவர் கேட்க, 'இல்லை, ஏழு மணிக்குத்தான் வந்தாள்' என்று மறுத்துச் சொல்லும்போது மட்டும் 'தான்' தாமதத்தைக் குறிக்காமல் நேரத்தை உறுதிப்படுத்தும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது ஐயமாவது இருந்தாக வேண்டும். உங்கள் வாக்கியத்திற்கு முன்னாலும் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை.

இதனால் விளைந்ததைச் சொல்கிறேன். என்னிடம் படிக்கும் ஒரு மாணவி, பள்ளிச் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். புலாவ் ஊபின் செல்லும் நாளன்று தோழி மாலா எல்லாருக்கும் முன்னதாக வந்து, தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிவைத்து, ஆசிரியரிடம் பாராட்டுப் பெற்றாள் என்பது கதை. அதில் அவள் எழுதியிருந்த வாக்கியம் இது: 'மாலா ஏழு மணிக்குத்தான் வந்துவிட்டாள், அதனால் ஆசிரியர் அவளைப் பாராட்டினார்.' தாமதமாக வந்தவளை எதற்காகப் பாராட்டினார் என்று நான் கேட்டபோது, அந்தப் பிள்ளை உங்கள் நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, அச்சில் இருந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளை அவள். பாட்டி பேசக் கேட்டு இந்த வேறுபாட்டைச் செவிவழி பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. அவளுக்குத் தமிழ் பெரும்பாலும் நூல்வழியே வருகிறது. அச்சிட்ட நூலா, துணைப்பாட ஆசிரியரா என்று வந்தால், பத்து வயதுப் பிள்ளை யாரை நம்பும்?

இந்தப் பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. அளவைக் குறிக்கும் சொற்களோடு வரும்போது இவ்விரண்டும் சில இடங்களில் ஒத்த பொருள் தருவது உண்மை. 'அவனிடம் பத்து வெள்ளியே இருந்தது', 'அவனிடம் பத்து வெள்ளிதான் இருந்தது' ஆகிய இரண்டும் அதற்குமேல் இல்லை என்றே சொல்கின்றன. இந்த ஓரிடத்து ஒற்றுமையை எடுத்து எல்லா இடத்துக்கும் விதியாக்கிவிட்டீர்கள் போலும். காலத்தைக் குறிக்கும் சொல் வந்தவுடனே அந்த விதி உடைந்துவிடுகிறது. 'அப்பா நேற்றே ஊரிலிருந்து திரும்பினார்' என்றால் திரும்பிப் பொழுதாகிவிட்டது. 'அப்பா நேற்றுத்தான் திரும்பினார்' என்றால் இன்னும் பயணக் களைப்புக்கூடத் தீரவில்லை. ஐயம் வந்தால் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. 'நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம்' என்பதை முன்னால் வைத்துப் பாருங்கள். 'ஏழு மணிக்குத்தான் வந்தாள்' அதனோடு இயல்பாகச் சேரும், 'ஏழு மணிக்கே வந்தாள்' சேராது. 'யாரும் வருவதற்கு முன்' என்பதை வைத்தால் நிலைமை தலைகீழாகும். இப்படி ஒரு சூழல் வாக்கியத்தைக் கேள்வியிலேயே கொடுத்திருந்தால், இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அதே பக்கத்தின் இரண்டாவது பயிற்சி, இடைச்சொல் எங்கே ஒட்ட வேண்டும் என்பதைப் பற்றியது. அங்கே, 'ரவி சிவப்புச் சட்டையை வாங்கினான்' என்ற வாக்கியத்தில் நிறத்தை அழுத்திச் சொல்ல, 'ரவி சிவப்புத்தான் சட்டையை வாங்கினான்' என்று விடை தரப்பட்டிருக்கிறது. ஐயா, இப்படித் தமிழர் யாரேனும் பேசி நீங்கள் கேட்டதுண்டா? 'தான்' பெயருக்கும் அதன் அடைமொழிக்கும் நடுவே நுழையாது. அடைமொழியோடு சேர்ந்த முழுத் தொடரும் முடிந்து, வேற்றுமை உருபும் வந்த பிறகே அது ஒட்டும்: 'சிவப்புச் சட்டையைத்தான் வாங்கினான்'. இந்த வாக்கியத்தில் அழுத்தம் நிறத்துக்கா, சட்டைக்கா என்ற ஐயம் எழலாம். அதை வேறு வகையில் தீர்க்க வேண்டுமே தவிர, 'தான்' என்பதைப் பிடித்து நடுவில் செருகுவதால் அன்று. 'ரவி வாங்கிய சட்டை சிவப்புத்தான்' என்று நிறத்தைப் பயனிலையாக்கினால் போதும். 'தம்பியின்தான் புத்தகத்தை எடுத்தேன்' என்ற உங்கள் மற்றொரு விடைக்கும் இதுவே பதில். 'தம்பியின் புத்தகத்தைத்தான் எடுத்தேன்' என்பதே வாக்கியம். ஏகாரத்துக்கும் பொதுவாக இதே ஒழுங்குதான். 'ஒரே வீடு', 'அதே வகுப்பு' என்பவற்றில் அது பெயருக்கு முன்னால் நிற்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அவை முழுச் சொற்களாகவே நிலைத்துவிட்ட சில வடிவங்கள். அவற்றைப் பார்த்து 'நல்லதே பையன்' என்று யாரும் எழுதத் துணிவதில்லை.

எதிர்மறை வாக்கியத்திலும் இடம் மாறினால் பொருள் மாறும். 'அவன் வரவே இல்லை' என்பது வருகையை அடியோடு மறுக்கிறது. 'அவன் வரவில்லையே' என்பது வராததை எண்ணி வருந்துகிறது, அல்லது நாம் அறிந்த ஒன்றை எதிரில் இருப்பவருக்கு நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிரே அச்சிட்டு நடுவில் சமக்குறி போட்டிருப்பதைப் பார்த்தபோது, கணக்குப் பயிற்சி நூலைத் தவறி எடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள்களைச் சொன்னது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கியது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கூடியது, உங்கள் விடைப்பகுதியில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

எழுத்து முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூல் முழுவதும் 'தான்' பிரித்தே அச்சிடப்பட்டிருக்கிறது. 'குமரன் தான் செய்த தவற்றை ஒப்புக்கொண்டான்' என்று பிரித்தால், குமரன் தன்னுடைய தவற்றை ஒப்புக்கொண்டான் என்று பொருள். அங்கே 'தான்' ஒரு பெயர்ச்சொல். 'குமரன்தான் செய்த தவற்றை ஒப்புக்கொண்டான்' என்று சேர்த்தால், ஒப்புக்கொண்டவன் குமரனே, மற்றவர் அல்லர் என்று பொருள். பேச்சில் நிறுத்தத்தைக் கொண்டே இதை உணர்ந்துகொள்கிறோம். எழுத்தில் அந்த வேலையைச் செய்வது சொல்லிடைவெளி மட்டுமே. பிரித்து எழுதிய பழக்கத்தால் ஒற்றும் காணாமல் போகிறது: 'நேற்று தான்', 'அவனை தான்', 'பள்ளிக்கு தான்'. 'நேற்றுத்தான்', 'அவனைத்தான்', 'பள்ளிக்குத்தான்' என்று வல்லினம் மிக வேண்டும்; 'இன்றுதான்', 'அவனோடுதான்' என்பவற்றில் மிகாது. 'நேற்று' வன்றொடர், 'இன்று' மென்றொடர் என்பதை விடைப்பகுதியைச் சரிபார்ப்பவர் அறியாதவராக இருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். சரிபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே நம்புகிறேன்.

ஆண்டுதோறும் 'திருத்திய புதிய பதிப்பு' என்று அட்டையில் போட்டு விலையையும் ஏற்றுகிறீர்கள். அட்டைப்படத்தில் இருந்த பிள்ளைகளின் உடை மாறியிருக்கிறது. உள்ளே மாலா இன்னமும் ஏழு மணிக்கே வந்தாலும் ஏழு மணிக்குத்தான் வந்தாலும் ஒன்றாகவே இருக்கிறாள். தாய்மொழித் தேர்வுக்காகப் பெற்றோர் இந்த நூல்களை வேறு வழியின்றி வாங்குகிறார்கள் என்பதால், அவற்றைச் சரிபார்க்கும் கவனமும் குறைந்துவிட்டதோ என்று கேட்கத் தோன்றுகிறது. கேள்வி சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்தருளுங்கள்.

ஆகவே, தயவுகூர்ந்து அந்த விடைப்பகுதியைத் திருத்துங்கள். 'எதைச் சேர்த்தாலும் சரியே' என்ற வரியை நீக்குங்கள். காலத்தைக் குறிக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு சூழல் வாக்கியத்தை வையுங்கள். அடைமொழியோடு 'தான்' ஒட்டிய விடைகளை மாற்றி, அந்த இடைச்சொல்லைச் சேர்த்தே அச்சிடுங்கள். அடுத்த பதிப்பு வரும்வரை, திருத்தங்களை ஒரு தாளில் அச்சிட்டு, ஏற்கெனவே கடைகளுக்கு அனுப்பிய படிகளுள் வைக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை ஆண்டிறுதித் தேர்வுக்கு முன்பே அனுப்பினால் பிள்ளைகளுக்குப் பயன்படும். தேர்வு முடிந்த பின்புதான் அனுப்ப இயலும் என்றால், அந்த 'தான்' என்ன பொருள் தருகிறது என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
துணைப்பாட ஆசிரியர் ஒருவர்