மோட்டார் அறை ஃபில்டர்: நினைவூட்டல் முறை மாறுகிறது

அனைவருக்கும் வணக்கம்.

போர் தண்ணீர் லைனில் உள்ள டிஸ்க் ஃபில்டரைக் கழுவ இதுவரை மாதம் 1, 15 தேதிகளில் நினைவூட்டல் வந்தது. 1ஆம் தேதி வேலையை யாராவது 12ஆம் தேதி செய்தால், மூன்றே நாளில் மறுபடி மணி அடிக்கும். இப்போதுதானே கழுவினோம் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மணி மறுமாதம் 1ஆம் தேதிதான். அதற்குள் தட்டுகளில் செம்மண் படிந்து, மேல்மாடிக் குழாய் நூலாக ஒழுகும்.

இனி கழுவி முடித்த நாளிலிருந்து 15 நாள் கணக்கு. 12ஆம் தேதி முடித்தால் அடுத்தது 27.

1. நம் பொது டோடோயிஸ்ட் பட்டியலில் இதை `every! 15 days` என்று மாற்றியாகிவிட்டது. அந்த ஆச்சரியக்குறியை யாரும் அழிக்க வேண்டாம். அழித்தால் கழுவிய நாளை விட்டுவிட்டு, முன்பு குறித்த தேதியிலிருந்தே 15 நாள் எண்ணும்.
2. கழுவிய அன்றே டிக் செய்யுங்கள். நாள் கணக்கு டிக் செய்த தேதியிலிருந்துதான் ஓடும். டிக் விழாவிட்டால் அடுத்த தேதியே வராது.
3. தண்ணீர் வேகம் முன்பே குறைந்தால் 15 நாள் காத்திருக்க வேண்டாம். கழுவி டிக் செய்யுங்கள்.
4. பராமரிப்புத் தொகை நினைவூட்டல் வழக்கம்போல 5ஆம் தேதிதான். அதையும் முடித்த நாளிலிருந்து எண்ணினால், ஒரு மாதம் தாமதமானாலே அடுத்த மாதமும் தள்ளும், அது சரிவராது!

முதல் முறை வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு, இரண்டாம் மாடி வீட்டார். வருபவர்கள் வீட்டு எண்ணை சனி இரவுக்குள் இங்கே போடவும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று கொண்டுவாருங்கள்.